ஆக்சிமீட்டரில் இரண்டாவது எண்

2021 கோடையில் மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிய ஆக்சிமீட்டர் இன்றும் பல வீடுகளில் கிடக்கிறது. தெர்மாமீட்டரோடும் காலாவதியான இருமல் மருந்தோடும் ஒரே டப்பாவில் இருக்கும். வீட்டில் யாருக்காவது சளி கட்டி மூச்சு வாங்கினால் அதைத் தேடி எடுப்பார்கள். விரலில் மாட்டியதும் 97 என்று வந்தால் நிம்மதி. 86 என்று வந்தால் ஆட்டோவுக்கு ஆள் ஓடும். அந்த நிம்மதியும் சில சமயம் தப்பு, அந்த ஓட்டமும் சில சமயம் தப்பு.

சின்னத் திரையில் இரண்டு எண்கள் தெரியும். SpO2 என்று போட்டிருப்பது, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதன் மதிப்பீடு. எல்லோரும் பார்ப்பது இதைத்தான். பக்கத்தில் PR என்றோ bpm என்றோ இருப்பது நாடித்துடிப்பு. இந்த இரண்டாவது எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் முதல் எண்ணை நம்பலாமா கூடாதா என்று வீட்டில் இருப்பவருக்குச் சொல்லக்கூடிய முக்கியமான சாட்சி அதுதான். ஏன் என்று புரிய, கருவி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

விரலைக் கவ்வும் பகுதியின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள். ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எதிர்ப்பக்கத்தில் ஒளியை அளக்கும் உணரி. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு ஒளியை அதிகம் தடுக்காமல் விட்டுவிடும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் அதை நிறைய உறிஞ்சும். அகச்சிவப்பில் இது தலைகீழ். எந்த ஒளி எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று ஒப்பிட்டால் ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். கேட்க எளிதாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம் எல்லாமே ஒளியை மறிக்கின்றன.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த தகுவோ அவோயாகி. 1970களின் தொடக்கத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தது வேறொன்றை. ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது வழியாக ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்று அளக்கப் பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் அளவீடு மேலும் கீழுமாக ஆடி அவர் வேலையைக் கெடுத்தது. அந்த ஆட்டத்தை நீக்க முயன்றபோதுதான் பிடிபட்டது: தோலும் எலும்பும் துடிப்பதில்லை, தமனியில் பாயும் ரத்தம் மட்டும்தான் துடிக்கிறது. அப்படியானால் துடிக்கும் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் தமனி ரத்தத்தின் கணக்கு தனியே கிடைத்துவிடும். இன்று உலகில் எந்த ஆக்சிமீட்டரைத் திறந்தாலும் உள்ளே இருப்பது இந்த யோசனைதான். கொரோனா உலகெங்கும் பரவி, இந்தக் கருவியைத் தேடி ஜனங்கள் அலையத் தொடங்கிய 2020 ஏப்ரலில் அவோயாகி காலமானார்.

ஆக, துடிப்பு கிடைத்தால்தான் கணக்கு. துடிப்பு பலவீனமாக இருந்தால் கருவி தடுமாறும். விரலில் துடிப்பு பலவீனமாவதற்கு மிகச் சாதாரணமான காரணம், கை ஜில்லென்று இருப்பது. குளிரில் உடம்பு தன் வெப்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள விரல்களுக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் நன்றாகவே ஏறியிருக்கும். இதயத்திலும் மூளையிலும் ஓடும் ரத்தத்தில் குறை ஏதும் இருக்காது. விரல் நுனிக்கு மட்டும் போதுமான ரத்தம் வந்துசேராது. இதற்கு ஊட்டியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏசி அறை போதும். குளிர்காய்ச்சலின் தொடக்கமும் போதும்: நெற்றி கொதிக்கும், கை கால் சில்லிட்டிருக்கும். வீட்டில் ஆக்சிமீட்டரை எடுக்கும் நேரமும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகவே பார்த்துவிடலாம். கோத்தகிரியில் ஒரு ஜனவரி மாதக் காலை, மணி ஆறரை. அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சளி, இருமல். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவரின் விரலில் மகன் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார். முதலில் வெறும் கோடுகள். பிறகு 91, 84, மறுபடி 86. அதிலேயே நிற்கிறது. மகனுக்கு நெஞ்சு பதறுகிறது. அம்மாவோ, "எனக்கு ஒண்ணும் இல்லடா, காபியைப் போடு" என்கிறார். முழு வாக்கியமாக, இடையில் மூச்சு வாங்காமல் பேசுகிறார்.

இங்கேதான் இரண்டாவது எண் உதவுகிறது. திரையில் நாடி 52 என்று காட்டுகிறது. மகன் அம்மாவின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, தன் இரண்டு விரல்களை வைத்து கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணுகிறார். நாற்பத்தைந்து. அதாவது நிமிடத்துக்குத் தொண்ணூறு. கருவி சொல்லும் 52க்கும் கையில் எண்ணிய 90க்கும் சம்பந்தமே இல்லை. துடிப்பையே சரியாகப் பிடிக்காத கருவி, துடிப்பை வைத்துப் போட்ட ஆக்சிஜன் கணக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? அந்த 86ஐ இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். குறைந்துவிட்டது என்றும் முடிவு செய்ய வேண்டாம், நன்றாக இருக்கிறது என்றும் முடிவு செய்ய வேண்டாம். இதுவரை அளவே எடுக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அது ஏன் எண்பத்தைந்தை ஒட்டியே வந்து நிற்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. கருவி உள்ளே பார்ப்பது, சிவப்பொளியின் துடிப்புப் பங்கும் அகச்சிவப்பின் துடிப்புப் பங்கும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதை. ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தில் சிவப்பின் பங்கு ஏறக்குறைய பாதிதான். இரண்டும் சமமானால் கருவி அதை 85 சதவீதம் என்று படிக்கும். நிஜத் துடிப்பு மங்கி, கை நடுங்குவதும் அசைவதும்தான் உணரிக்குப் போகிறது என்றால், அந்த அசைவு இரண்டு ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் ஆட்டும். விகிதம் ஒன்றை நெருங்கும். எண் எண்பதுகளின் நடுவில் வந்து உட்காரும். அதற்காக 85 வந்தாலே பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிமோனியாவில் நிஜமாகவே 85க்கு இறங்கியவர்களும் உண்டு. நாடி பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

கோத்தகிரிக்குத் திரும்புவோம். மகன் செய்ய வேண்டியது கையைச் சூடாக்குவது. இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள டம்ளரைச் சில நிமிடம் பிடித்திருக்கச் சொல்லலாம், அல்லது கம்பளிக்குள் வைக்கலாம். சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர்களுக்கு டம்ளரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கை பொசுங்குவதே அவர்களுக்குத் தெரியாது. பிறகு சாய்ந்து உட்கார்ந்து, ஐந்து நிமிடம் ஓய்வு. கையை மேசை மீதோ நெஞ்சு மீதோ வைத்துக்கொள்ள வேண்டும். திரையைப் பார்ப்பதற்காகக் கையை உயர்த்திப் பிடிப்பது பலருக்குப் பழக்கம். அதில் விரலுக்கு வரும் கொஞ்ச ரத்தமும் இறங்கிவிடும். நடுவிரலையோ ஆள்காட்டி விரலையோ நகம் மேலே இருக்கும்படி, நுனி உள்ளே முட்டும் வரை நுழைக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அதே கையில் இறுகிக்கொண்டிருக்கக் கூடாது. வெயிலோ பளிச்சென்ற விளக்கோ நேரே விழுந்தால் மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகும் முதலில் வரும் எண்ணை எழுதக் கூடாது. கருவி பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் காட்டுகிறது. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை பொறுத்து, எண் ஆடாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இப்போது 96, நாடி 88. மணிக்கட்டில் எண்ணினாலும் அதே அளவு. இதை நம்பலாம். காபியும் போடலாம்.

சில கருவிகளில் PI என்று மூன்றாவதாக ஓர் எண் இருக்கும். விரலில் துடிப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதன் அளவு அது. கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டாலும், 0.5க்குக் கீழே போனால் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. அலை வடிவம் ஓடும் திரையாக இருந்தால் இன்னும் சுலபம். ஒரே சீராக ஏறி இறங்கும் அலை நல்ல அறிகுறி. கன்னாபின்னாவென்று கோணிக்கொண்டு ஓடினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அடுத்தது நெயில் பாலிஷ். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் போகும் பெண்களிடம், "நெயில் பாலிஷை எடுத்துட்டு வாங்கம்மா" என்று நர்ஸ் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காரணம் இருக்கிறது, ஆனால் பயப்படும் அளவுக்குப் பெரிதில்லை. பாலிஷ் துடிப்பதில்லை அல்லவா? தோலையும் எலும்பையும் கணக்கிலிருந்து விலக்கும் அதே முறை பாலிஷையும் பெருமளவு விலக்கிவிடும். தொல்லை தருவது, பூச்சு அடர்த்தியாகி ஒளியே உள்ளே போகாத நிலை. அதிலும் நிறத்துக்கு நிறம் வித்தியாசம். சிவப்புப் பாலிஷ் சிவப்பாகத் தெரிவதே அது சிவப்பு ஒளியை உறிஞ்சாமல் விடுவதால்தான். கருவிக்கு வேண்டியதும் அந்த ஒளி. அதனால் சிவப்பு, இளஞ்சிவப்பு அதிகம் கெடுப்பதில்லை. கறுப்பு, கருநீலம், பச்சை, அடர் பழுப்பு போன்றவை சிவப்பொளியை விழுங்குகின்றன. பழைய கருவிகளில் இவை எண்ணைக் கணிசமாகக் குறைத்துக் காட்டின. இன்றைய நல்ல கருவிகளில் பெரும்பாலும் ஓரிரு புள்ளி வித்தியாசம்தான். சில சமயம் எண்ணே வராது. ஆனால் எல்லையில் இருப்பவருக்கு அந்த இரண்டு புள்ளியும் பெரிது. 95ஐ 93 என்று காட்டினால் வீட்டில் இருக்கலாமா, டாக்டரிடம் போகலாமா என்ற முடிவே மாறும்.

ஒரே ஒரு விரலில் துடைத்தால் போதும், பத்து விரலும் தேவையில்லை. ரிமூவர் கையில் இல்லையென்றால், கருவியைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டி, ஒளி நகம் வழியாக இல்லாமல் விரலின் இரு பக்கச் சதை வழியாகப் போகும்படி செய்து பார்க்கலாம். சிறு கருவிகளில் இது சரியாகப் பொருந்துவதில்லை என்பதால், கால் கட்டைவிரல் பூச்சில்லாமல், வெதுவெதுப்பாக இருந்தால் அதையும் முயலலாம். ஒட்டு நகம் வேறு கதை. அக்ரிலிக் நகமும் ஜெல் பூச்சும் சாதாரண ரிமூவருக்கு உடனே வராது. நீளமான நகம் விரலை முழுதாக உள்ளே நுழையவும் விடாது. ஆஸ்துமா போன்ற தொந்தரவு உள்ளவர்கள் ஒரு விரலையாவது சும்மா விட்டுவைப்பது நல்லது.

மருதாணி? இலையை அரைத்து வைத்துச் சிவந்த கையால் பெரிய தொந்தரவு இல்லை. சாயம் கலந்த கறுப்பு மருதாணியை விரல் நுனி முழுக்கப் பூசியிருந்தால், பல சமயம் கருவி எண்ணே காட்டாமல் திணறும். கல்யாண வீட்டில் மூச்சுத் திணறிய பாட்டிக்கு அளக்க வேண்டுமானால் மருதாணி படாத விரலைத் தேடுங்கள்.

குளிர்ந்த கை, நெயில் பாலிஷ் இரண்டிலும் ஒரு நன்மை உண்டு. பெரும்பாலும் இவை எண்ணைக் குறைத்துக் காட்டும், அல்லது எண்ணே வராமல் செய்யும். நாம் பதறுவோம், சரிபார்ப்போம். என் கணக்கில் இவற்றைவிட மோசமானவை, எண்ணை உயர்த்திக் காட்டிச் சும்மா இருக்கவைப்பவை.

அதில் நமக்கு நெருக்கமானது தோல் நிறம். இந்தக் கருவிகளின் கணக்கு பரிசோதனைக்கூடத்தில் ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்துத் தயாரிக்கப்படுவது. குறைந்த ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தோடு கருவியின் எண்ணை ஒப்பிடுவார்கள். வெகுகாலம் அந்தத் தன்னார்வலர்களில் வெளிர் நிறத்தவர்களே அதிகம். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதன் விளைவை எண்களாகக் காட்டியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனி ரத்தத்தில் நிஜ அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் சுமார் 12 சதவீத அளவீடுகளில். வெள்ளையர்களிடம் சுமார் 4 சதவீதத்தில். அதன் பிறகு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விட்டது. அங்கீகாரம் பெற்ற நல்ல கருவியிலேயே 90 என்று வந்தால் நிஜ அளவு 86 முதல் 94 வரை எங்கும் இருக்கலாம் என்று அதே எச்சரிக்கை சொல்கிறது. கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத கருவிக்கு இந்த அளவு உத்தரவாதம்கூடக் கிடையாது. அடர் நிறத் தோல் உள்ளவர்கள் 94ஐ 97ஐப் போல நினைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று கரிப்புகை. மலையூர்களில் குளிருக்காக அடுப்புக்கரியை மூட்டி, அறையை இறுக மூடிக்கொண்டு படுத்து உயிரை விட்டவர்களின் செய்தி அவ்வப்போது வருகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடம் விடுவதில்லை. வீட்டுக் கருவிக்கு இந்த ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் போலவே தெரிகிறது. ஆள் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று கிடப்பார். திரையில் 98 இருக்கும். அங்கே கருவியைத் தேடவே கூடாது. ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 108ஐ அழைக்க வேண்டும். கடும் ரத்தசோகையிலும் எண் நன்றாகவே வரும். இருக்கிற கொஞ்ச ஹீமோகுளோபினும் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் கருவி சொல்கிறது, மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல.

கடைசியாக, அடிக்கடி நடக்கும் ஒரு தப்பு. குளிர்ந்த கை, பாலிஷ் பற்றியெல்லாம் தெரிந்துகொண்டவர்கள் எண் குறைவாக வந்தால் விரல் விரலாக மாற்றிப் பார்த்து, பிடித்த எண் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கை சூடாக இருக்கிறது, நாடி பொருந்துகிறது, ஒரு நிமிடம் பொறுத்தும் 91 என்றே நிற்கிறது என்றால் அது 91தான். ஐந்தாவது விரலில் ஒரு நொடி 95 வந்து போனது கணக்கில் சேராது. கொரோனா காலத்தில் நம் சுகாதாரத் துறை வைத்த கோடு 94. அதற்குக் கீழே நிலையாக நின்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரிதான். புகைப்பழக்கத்தால் நுரையீரல் கெட்டு சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரையே டாக்டர்கள் வைக்கும் இலக்கு. அவர்கள் தங்கள் டாக்டர் சொன்ன எண்ணைப் பின்பற்ற வேண்டும். எண் எதுவாக இருந்தாலும், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு இரைப்பது, உதடு நீலமாவது, நெஞ்சுவலி, புத்தி தடுமாறுவது ஆகியவை தெரிந்தால் கருவியை டப்பாவில் போட்டுவிட்டு உடனே கிளம்ப வேண்டும்.

டப்பாவில் கிடக்கும் கருவியை இந்த வாரம் ஒருமுறை வெளியே எடுங்கள். பேட்டரி கசிந்திருந்தால் துடைத்துப் புதிது போடுங்கள். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே கையைச் சூடாக வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முறை அளந்து, SpO2, நாடி இரண்டையும் தேதி போட்டு எழுதி அதே டப்பாவில் வையுங்கள். மூச்சுத் திணறலோடு போகிறவரிடம் டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "வழக்கமா எவ்வளவு இருக்கும்?" என்பதுதான்.